உயரமான பாத வளைவும் மெத்தென்ற ஷூவும்: என் இடது காலில் ஓர் ஆராய்ச்சி

போன வருஷம் ஓட ஆரம்பிச்சேன். நாற்பதைத் தாண்டின, நாள் முழுக்க நாற்காலியில் உட்காரும் மென்பொருள்காரர்கள் பலர் செய்வதுதான். கடைக்குப் போனேன். ஒரு கண்ணாடிப் பலகை மேல நிற்கச் சொன்னார்கள், திரையில் என் பாதத்தின் படம் வந்தது. நடுப்பகுதி கிட்டத்தட்ட காலி. விற்பனையாளர் தம்பி பார்த்துட்டு, "சார், உங்க ஆர்ச் ரொம்ப ஹை. நல்ல சப்போர்ட் இருக்கிற ஷூ வேணும்" என்று ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார். உள்பக்கம் கெட்டியான, வேறு நிறத்தில் ஒரு ஃபோம் துண்டு வைத்த ஷூ. விலையும் கெட்டிதான்.

ஆறு வாரத்தில் இடது பாதத்தின் வெளிவிளிம்பில், சுண்டுவிரலுக்குப் பின்னால் நடுவில், விரலால் அழுத்தினால் 'சுள்'ளென்று ஒரு வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்ஆர்ஐ-யில் ஐந்தாவது பாத எலும்பில் அழுத்தக் காயம், அதாவது விரிசல் விழுவதற்கு முந்தைய நிலை. எலும்பு மருத்துவர் சொன்னார்: "இன்னும் ரெண்டு வாரம் இதே மாதிரி ஓடியிருந்தீங்கன்னா விரிசலே விழுந்திருக்கும். இந்த எலும்புல சில இடங்களுக்கு ரத்த ஓட்டம் கம்மி, சேர்றதுக்கு மாசக்கணக்குல ஆகும்." ஆறு வாரம் ஓட்டம் நிறுத்தம்.

அந்த ஆறு வாரத்தில் படித்ததும் அளந்ததும்தான் இந்தக் குறிப்பு. மூன்று கேள்விகள். வளைவு உயரமான பாதம் ஏன் மோதலை சரியாக உள்வாங்குவதில்லை? என் பாதம் அப்படிப்பட்டதா என்று வீட்டிலேயே எப்படி அளப்பது? அப்படின்னா எந்த ஷூ?

பிழிந்த துண்டும் பிழியாத துண்டும்

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இத்தனை துண்டுகள் எதற்கு? ஒரே பாதம் இரண்டு எதிரெதிர் வேலைகளைச் செய்ய வேண்டியிருப்பதால். தரையைத் தொடும்போது அது தளர்ந்து, தரைக்கு ஏற்றபடி வளைந்து, மோதலை வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த கால் விநாடிக்குள் அதே பாதம் கெட்டியான நெம்புகோலாக மாறி நம்மை முன்னால் தள்ள வேண்டும்.

இதை ஒரு குளியல் துண்டை வைத்துப் புரிந்துகொள்ளலாம். துண்டை இரு கையால் பிடித்து முறுக்கினால் கம்பு போல விறைத்து நிற்கும். முறுக்கைத் தளர்த்தினால் தொங்கும். பாதமும் கிட்டத்தட்ட இப்படித்தான். குதிகால் தரையில் பட்டவுடன் அது கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்கிறது. அப்போது பாதத்தின் நடு மூட்டுகள் தளர்கின்றன, வளைவு சில மில்லிமீட்டர் இறங்குகிறது, கூடவே கீழ்க்கால் எலும்பு உள்நோக்கித் திரும்பி முழங்கால் மடங்குகிறது. இந்த உள்சாய்வுக்குத்தான் 'ப்ரோனேஷன்' என்று பெயர். ஷூ விளம்பரங்கள் இதை ஒரு நோய் போலச் சொல்லிப் பழக்கிவிட்டன. உண்மையில் இது இயற்கை கொடுத்த ஷாக் அப்சார்பர். உந்தித் தள்ளும் நேரத்தில் குதிகால் மறுபடி வெளிப்பக்கம் திரும்பி, துண்டு முறுக்கிக்கொள்கிறது, பாதம் விறைக்கிறது.

உயரமான வளைவுள்ள விறைத்த பாதத்தில் என்ன நடக்கிறது? பெரும்பாலும் அதன் குதிகால் நிற்கும்போதே வெளிப்பக்கம் எடை போகிற மாதிரி திரும்பியிருக்கிறது. அதாவது துண்டு எப்போதுமே முறுக்கிய நிலையில். தரையில் படும்போது உள்சாய்வு குறைவு, நடு மூட்டுகள் தளர்வதில்லை, வளைவு இறங்குவதில்லை. தள்ளும் வேலைக்கு அது அருமையான பாதம். தாங்கும் வேலைக்குத்தான் ஆகாது.

மில்லிமீட்டர் கணக்கு

வளைவு சில மில்லிமீட்டர் இறங்குவதில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கும் தோன்றியது. பிளஸ் டூ இயற்பியலே போதும். நகரும் ஒரு பொருளை நிறுத்தும்போது வரும் சராசரி விசை:

```
F = m × v² / (2 × d)
```

m நிறை, v வேகம், d நிற்பதற்குக் கிடைக்கும் தூரம். ஓடும்போது குதிகால் தரையில் மோதும் முதல் கணத்தில் முழு உடம்பும் நிற்பதில்லை. பாதமும் கீழ்க்காலின் ஒரு பகுதியும்தான் சட்டென்று நிற்கின்றன. அதை 5 கிலோ என்றும், வேகத்தை விநாடிக்கு 1 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். எல்லாமாகச் சேர்ந்து 5 மில்லிமீட்டரில் நிறுத்தினால் விசை 500 நியூட்டன். 10 மில்லிமீட்டர் கிடைத்தால் 250 நியூட்டன். தூரம் இரட்டித்தால் விசை பாதி.

இது எளிமைப்படுத்திய கணக்கு. ஆனால் விஷயத்தின் அச்சாணி இதுதான். ஷூவின் ஃபோம், குதிகாலின் கொழுப்பு மெத்தை, வளைவின் இறக்கம், முழங்கால் மடங்கல் எல்லாமே இந்த d-க்குத் தங்கள் பங்கைத் தருகின்றன. விறைத்த பாதம் தன் பங்கைத் தருவதில்லை. தராத மில்லிமீட்டர்களின் சுமை எலும்புக்குப் போகிறது.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. வில்லியம்ஸ், மெக்ளே, ஹாமில் மூவரும் 2001-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உயர்வளைவு உள்ள 20 ஓட்டக்காரர்களையும் தாழ்வளைவு உள்ள 20 பேரையும் ஒப்பிட்டார்கள். உயர்வளைவுக்காரர்களுக்கு எலும்புக் காயம், கணுக்கால் காயம், காலின் வெளிப்பக்கக் காயம் அதிகம். தாழ்வளைவுக்காரர்களுக்கு முழங்கால், மென்திசு, உள்பக்கம். என் எம்ஆர்ஐ அறிக்கை முதல் வரிசையில் அப்படியே பொருந்தியது: எலும்பு, வெளிப்பக்கம். 2004-ல் வில்லியம்ஸ் குழு இன்னொன்றையும் காட்டியது. உயர்வளைவு ஓட்டக்காரர்களின் கால் முழுவதுமே ஒரு விறைத்த சுருள்வில் போல நடந்துகொள்கிறது, தரையின் விசை அவர்கள் காலில் வேகமாக ஏறுகிறது.

இரண்டாவது தொல்லை: பரப்பு

மோதல் ஒரு பக்கம். இன்னொன்று, அந்தச் சுமையைத் தாங்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. பாதத்தை நனைத்து பழைய செய்தித்தாள் மேல் ஒற்றைக் காலில் நின்று, ஈரத் தடத்தைப் பேனாவால் சுற்றி வரைந்து, வரைதாளுக்கு மாற்றிக் கட்டங்களை எண்ணினேன். 78 சதுர சென்டிமீட்டர். என் மச்சானும் அதே 72 கிலோ, அதே ஷூ அளவு. அவர் தடம் 112.

ஒற்றைக் காலில் 72 கிலோ என்றால் சுமார் 706 நியூட்டன். எனக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 9, அவருக்கு 6.3. சும்மா நிற்கும்போதே கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அதுவும் சராசரிதான், என் தடத்தில் குதிகாலும் விரல்களுக்குப் பின்னால் உள்ள மேடும்தான் இருந்தன, நடுவில் வெளிவிளிம்பில் ஒரு விரல்கடை அகலத்துக்கு ஒரு பட்டை. உயர்வளைவுக்காரர்களுக்கு முன்பாத மேட்டிலும் குதிகாலிலும் தோல் தடித்துக் காய்ப்பு வருவது இதனால்தான்.

உயரம் வேறு, விறைப்பு வேறு

இங்கேதான் நானும் அந்தக் கடைத் தம்பியும் ஒரே தப்பைச் செய்தோம். ஈரத் தடமும் கண்ணாடிப் பலகையும் காட்டுவது வளைவின் உயரத்தை. மோதலைத் தீர்மானிப்பது அதன் விறைப்பு. உயரமாக இருந்து, எடை விழுந்ததும் நன்றாக இறங்கி எழும் பாதங்கள் உண்டு. அவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

விறைப்பை அளக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் முறை எளிது. வீட்டிலேயே செய்யலாம். குதிகாலைச் சுவரில் ஒட்டி வைத்து மூன்று அளவுகள் எடுங்கள்.

1. பாதத்தின் முழு நீளம். அதில் சரிபாதியைப் பாதத்தின் மேல்புறம் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.
2. குதிகாலிலிருந்து கட்டைவிரல் பாதத்தோடு சேரும் புடைத்த மூட்டு வரைக்குமான நீளம்.
3. குறித்த இடத்தில் தரையிலிருந்து பாதத்தின் மேல்புறம் வரை உயரம். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து, பிறகு இரு காலிலும் சமமாக எடை போட்டு நின்று.

உயரத்தை இரண்டாவது நீளத்தால் வகுத்தால் கிடைப்பது வளைவு உயரக் குறியீடு. மூலைமட்டம் ஒன்று இருந்தால் உயரம் எடுக்க வசதி. குனிந்து நீங்களே அளந்தால் எடை மாறிவிடும், வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே குறியீடு 0.005 மாறும் என்பதால் மூன்று தடவை அளந்து சராசரி எடுப்பது நல்லது.

எங்கள் இருவர் கதை இது. இருவருக்கும் பாத நீளம் 262 மி.மீ. எனக்கு இரண்டாவது நீளம் 190, உட்கார்ந்தால் உயரம் 74, நின்றால் 72. குறியீடு 0.389-லிருந்து 0.379. மச்சானுக்கு நீளம் 191, உயரம் 68-லிருந்து 63.5. குறியீடு 0.356-லிருந்து 0.332. பொதுவான சராசரி நிற்கும்போது 0.34-ஐ ஒட்டி இருக்கும். ஆக, மச்சான் நடுத்தரம், நான் உயரம்.

ஆனால் பார்க்க வேண்டியது இறக்கத்தை. உட்காரும்போது ஒவ்வொரு பாதத்திலும் உடல் எடையில் சுமார் 10 சதவீதம், நிற்கும்போது 50 சதவீதம். வித்தியாசம் 40 சதவீதம். 72 கிலோவில் கிட்டத்தட்ட 29 கிலோ. அதே 29 கிலோ ஏற்றினால் அவர் வளைவு 4.5 மில்லிமீட்டர் இறங்குகிறது, என்னுடையது 2. சுருள்வில் கணக்கில் சொன்னால் ஒரு மில்லிமீட்டர் அமுக்க அவருக்கு 6.4 கிலோ போதும், எனக்கு 14.4 கிலோ. இரண்டு மடங்குக்கு மேல் விறைப்பு. என் வலியின் விடை இந்த எண்ணில் இருந்தது.

கடை கொடுத்த ஷூ செய்த வேலை

உள்பக்கம் கெட்டி ஃபோம் வைத்த ஷூக்கள் அளவுக்கு மீறி உள்பக்கம் சாயும் தட்டைப் பாதங்களுக்காக வந்தவை. அந்தக் கெட்டித் துண்டு உள்சாய்வைத் தடுக்கிறது. என் பாதத்துக்கோ உள்சாய்வே அரிது. இருந்த கொஞ்சத்தையும் அது தடுத்து, எடையை மேலும் வெளிவிளிம்புக்குத் தள்ளியது. அங்கே இருப்பது ஐந்தாவது எலும்பு. மீதிக் கதை உங்களுக்குத் தெரியும்.

'ஆர்ச் சப்போர்ட்' என்ற சொல்தான் குழப்பத்துக்குக் காரணம். வளைவு சரிந்து விழாமல் முட்டுக்கொடுப்பது ஒன்று. வளைவுக்குக் கீழே உள்ள காலி இடத்தை மென்மையாக நிரப்பி, சுமைக்குக் கூடுதல் பரப்பு கொடுப்பது இன்னொன்று. உயர்வளைவுக்குத் தேவை இரண்டாவது. கடையில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

அப்போ எப்படிப்பட்ட ஷூ?

முதலில், உள்பக்க முட்டு இல்லாத 'நியூட்ரல்' ஷூ. பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். மிட்சோலின் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். உள்பக்கம் மட்டும் தெளிவாகக் கெட்டியாக இருந்தால் வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, குதிகாலில் மட்டுமல்ல, முன்பாதத்திலும் மெத்தை வேண்டும். பல ஷூக்கள் குதிகாலில் தாராளமாகக் கொடுத்துவிட்டு முன்னால் கஞ்சத்தனம் செய்யும். நமக்கோ முன்பாத மேட்டில்தான் அழுத்தம் குவிகிறது. வெகனர், பர்ன்ஸ், பென்காலா 2008-ல் உயர்வளைவு உள்ள விளையாட்டு வீரர்கள் 22 பேரிடம் அளந்தபோது, மெத்தையுள்ள நியூட்ரல் ஷூக்கள் சாதாரண தட்டையான கேன்வாஸ் ரக ஷூவை விடப் பாத அழுத்தத்தைக் குறைத்தன.

மூன்றாவது, மெத்தை என்றால் பஞ்சுப்பொதி அல்ல. இது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஃபோம் மிக மிருதுவாக இருந்தால் எடை அதிகம் விழும் வெளிவிளிம்பில் அது கூடுதலாக அமுங்கும். ஷூவே வெளிப்பக்கம் சாயும். உயர்வளைவுக்காரர்களுக்கு ஏற்கெனவே கணுக்கால் மடங்கும் ஆபத்து உண்டு, அது இன்னும் கூடும். இன்னொன்று, ஃபோம் முழுவதும் அமுங்கி அடிதட்டிவிட்டால் அதற்கு மேல் d கிடையாது. அந்தக் கணத்தில் விசை எகிறும். அதனால் அடி அகலமாக, அமுக்கினால் இறங்கி உடனே எழும்பும் நடுத்தர மென்மையே நல்லது. எடையும் முக்கியம்: 50 கிலோ ஆளுக்கு மெத்தென்று இருப்பது 95 கிலோ ஆளுக்கு அடிதட்டலாம். கடையில் ஒற்றைக் காலில் நின்று, யாரையாவது பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். ஷூவின் பின்பகுதி வெளிப்பக்கம் சாய்ந்தால் அது உங்களுக்கானது அல்ல.

நான்காவது, பாதத்தின் மேல்புறத்துக்கு இடம். வளைவு உயரமென்றால் மேல்புறமும் மேடுதான். லேஸ் அங்கே அழுத்தி விரல்கள் மரத்துப்போகும். அந்த மேட்டுக்கு நேராக உள்ள துளைகளில் மட்டும் குறுக்காகக் கோக்காமல், பக்கவாட்டிலேயே லேஸை மேலே ஏற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது. செலவே இல்லாத வைத்தியம்.

பின்கால் சதை இறுகியிருந்தால், குதிகால் முன்பாதத்தை விட 8 முதல் 12 மி.மீ. உயர்ந்த ஷூ முன்பாதச் சுமையைச் சமாளிக்க உதவும். எனக்கு இறுக்கம் உண்டு, அதனால் 10 மி.மீ. எடுத்தேன்.

இன்சோலைப் பொறுத்தவரை, பர்ன்ஸ் குழு 2006-ல் வலியுள்ள உயர்வளைவுக்காரர்கள் 154 பேரிடம் மூன்று மாதச் சோதனை நடத்தியது. ஒரு பாதிக்குப் பாதத்தை அச்செடுத்துச் செய்த இன்சோல், மறுபாதிக்குப் பார்க்க அப்படியே தோன்றும் சாதாரணத் துண்டு. இரு குழுவுக்கும் வலி குறைந்தது, அச்செடுத்த குழுவுக்குக் கூடுதலாகக் குறைந்தது. வலி இருப்பவர்களுக்கு இது செலவழிக்கத் தகுந்தது என்பது என் கருத்து. வலியே இல்லாதவர் ஓடிப்போய் வாங்க வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பு வாதம்

நேர்மையாக இதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க ராணுவம், விமானப்படை, மரைன் படை மூன்றிலும் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நாப்பிக் குழு பெரிய சோதனைகள் நடத்தி 2009, 2010-ல் வெளியிட்டது. பாதத் தடத்தைப் பார்த்து உயர்வளைவுக்கு மெத்தை ஷூ, தட்டைக்கு உள்சாய்வைத் தடுக்கும் ஷூ என்று ஒரு குழுவுக்குக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவில் எல்லாருக்கும் ஒரே ரகம். காயங்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை.

அப்படின்னா மேலே சொன்னதெல்லாம் வீணா? நான் இதை இப்படிப் படிக்கிறேன். அங்கே பிரித்தது தடத்தின் வடிவத்தை வைத்து, அதாவது உயரத்தை வைத்து; விறைப்பை அளக்கவில்லை. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வலியில்லாத இளைஞர்கள். ஆகவே 'தடத்தைப் பார்த்து ஷூ கொடுத்தால் எல்லாருக்கும் காயம் குறையும்' என்ற கடைக்காரர் வாதம்தான் அங்கே தோற்றது. விறைத்த பாதமும் வெளிப்பக்க வலியும் உள்ள ஓர் ஆளுக்கு என்ன செய்வது என்பது வேறு கேள்வி. ஆனாலும் அந்தச் சோதனைகள் எனக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தன: எந்த ஷூவும் தூரத்தை அவசரமாகக் கூட்டுவதை ஈடுகட்டாது. ஆறு வாரத்தில் நான் வாரத்துக்கு 10 கிலோமீட்டரிலிருந்து 30-க்குப் போயிருந்தேன். அந்தப் பழியைக் கடைத் தம்பி மேல் போட முடியாது.

மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

சின்ன வயசிலிருந்தே இரு பாதமும் ஒரே மாதிரி உயரமாக, மாறாமல் இருந்தால் அது பெரும்பாலும் உடல்வாகு. அதற்கு மாறாக, ஒரு பாதம் மட்டும் உயரமாக இருந்தாலோ, வருஷத்துக்கு வருஷம் வளைவு ஏறிக்கொண்டே போனாலோ, விரல்கள் நகம்போல மடங்கினாலோ, நடக்கும்போது முன்பாதம் தட்டித் தடுக்கினாலோ, பாதம் மரத்துப்போனாலோ, ஷூ கடைக்கு அல்ல, நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். ஷார்கோ-மரீ-டூத் என்ற பரம்பரை நரம்பு நோயின் முதல் அடையாளம் பல சமயம் இந்த உயர்வளைவுதான். குடும்பத்தில் வேறு யாருக்காவது இதே பாதம் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். பாத எலும்பின் மேல் ஒரே புள்ளியில், தொட்டால் சுள்ளென்று வலித்தால் அதையும் ஓடிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். என்னை மாதிரி.

இப்போது

நியூட்ரல் ஷூ, மெல்லிய இன்சோல், வாரத்துக்கு 15 கிலோமீட்டர். வலி இல்லை. இன்னொரு மாற்றம் வீட்டுக்குள்: டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதை விட்டு, தடித்த ஃபோம் செருப்பு. ஓடுவது வாரத்தில் இரண்டு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் அந்தத் தரைதானே.

ஃபோம் மெல்ல மெல்லச் செத்துப்போகும், மேல்துணி புதிதாகவே இருக்கும். அதனால் ஷூ வாங்கிய நாளும் ஓடிய தூரமும் ஒரு விரிதாளில் ஏறுகின்றன. மாதம் ஒரு முறை மேசையில் ஷூவை வைத்துப் பின்னாலிருந்து பார்க்கிறேன். வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா, மிட்சோலின் பக்கவாட்டில் நிரந்தர மடிப்புக் கோடுகள் விழுந்திருக்கின்றனவா என்று. 420 கிலோமீட்டரில் இடது ஷூ லேசாகச் சாய ஆரம்பித்திருக்கிறது. வலது இன்னும் நேராகத்தான் நிற்கிறது. இடது பாதத்தை மட்டும் மறுபடி ஒருமுறை அளக்க மச்சானைக் கூப்பிட்டிருக்கிறேன்.